நாளை பள்ளி விடுமுறை: பெற்றோர் கவனத்துக்கு

கனமழை காரணமாக நாளை, 18-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, நம் பள்ளிக்கு விடுமுறை. மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும்தான். சிறப்பு வகுப்பும் விளையாட்டுப் பயிற்சியும் கிடையாது. வேன்கள் ஓடாது. நாளைய தேர்வைத் தள்ளி வைத்திருக்கிறோம். பள்ளி திறந்த அன்றே அதை நடத்த மாட்டோம், படிக்க இரண்டு நாளாவது கொடுப்போம். புதன்கிழமை பள்ளி உண்டா இல்லையா என்பதை நாளை இரவு 8 மணிக்குள் சொல்கிறேன்.

அறிவிப்பு இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் சில பிள்ளைகள் தங்கள் தவறே இல்லாமல் ஆப்சென்ட் வாங்குகிறார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். சில நாள் மாவட்டம் முழுவதற்கும் விடுவார், சில நாள் குறிப்பிட்ட வட்டங்களுக்கு மட்டும். மழை நிலவரத்தைப் பார்த்துத் தலைமையாசிரியரே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆணை வருவதும் உண்டு. வானிலை மையத்தின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுமுறை ஆகாது. அதை டிவியில் பார்த்துவிட்டுப் பிள்ளையை நிறுத்திக்கொண்டால் பதிவேட்டில் ஆப்சென்ட்தான் விழும்.

பலர் மாட்டிக்கொள்வது வட்டத்தில். விடுமுறை பள்ளி இருக்கும் இடத்துக்குத்தான், உங்கள் வீடு இருக்கும் இடத்துக்கு அல்ல. உங்கள் வட்டத்தில் விடுமுறை, பள்ளி இருக்கும் வட்டத்தில் இல்லை என்றால், கணக்குப்படி அன்று பள்ளி உண்டு. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது பதிவேட்டுக்குத் தெரியாது.

இப்படி ஒரு நாள் வந்தால், அன்று காலை 9 மணிக்குள் வகுப்பாசிரியருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, தெரு, தேதி, வர முடியாத காரணம் இருந்தால் போதும். வாசலில் நிற்கும் தண்ணீரை ஒரு படம் எடுத்துச் சேருங்கள். அன்றே அனுப்ப வேண்டும், அதுதான் முக்கியம். பல பள்ளிகளில் வருகை நாள் குறைகிறது என்ற பேச்சு தேர்வு நெருங்கும்போதுதான் எழும். எப்போதோ பெய்த மழைக்கு அப்போது சான்று கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் வட்டாட்சியர் அலுவலகத்தைக் காட்டுவார், அங்கே போனால் பள்ளியிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இப்படி அலைவது அநியாயம். நம் பள்ளியில் அந்தச் செய்தியும் படமும் போதும், வேறு சான்று கேட்க மாட்டோம்.

அடுத்த சிக்கல் நேரம். ஆணை சில சமயம் விடிந்த பிறகுதான் வருகிறது. வேன் 6.40-க்கு உங்கள் நிறுத்தத்தில் பிள்ளையை ஏற்றுகிறது, விடுமுறைச் செய்தி 7.05-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேன் அங்கிருந்தே திரும்பும். ஏற்றிய அதே நிறுத்தத்தில், வீட்டுப் பெரியவர் ஒருவர் கையில்தான் பிள்ளையை ஒப்படைக்கும். யாரும் இல்லையென்றால் இறக்கிவிடாமல் பள்ளிக்குக் கூட்டி வந்துவிடும். கடைசிப் பிள்ளை கிளம்பும் வரை ஒரு ஆசிரியர் பள்ளியில் இருப்பார். ஆகவே பதற்றத்தில் டூ வீலரை எடுத்துக்கொண்டு வேனைத் துரத்த வேண்டாம். தண்ணீர் மூடிய ரோட்டில் பள்ளமும் தெரியாது, திறந்து கிடக்கும் மேன்ஹோலும் தெரியாது. நிறுத்தத்துக்குப் போய் நில்லுங்கள், போதும். காலையிலேயே வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை வாங்கிக்கொள்ளக்கூடிய பக்கத்து வீட்டார் ஒருவரின் பெயரையும் எண்ணையும் இன்றே வகுப்பாசிரியரிடம் கொடுத்து வையுங்கள்.

போன வருட ஆணையின் படமும் இந்த நேரத்தில் சுற்றும். பெரும்பாலும் தேதி இருக்கும் மேல்பகுதி வெட்டப்பட்டிருக்கும். தேதி, கிழமை, வட்டத்தின் பெயர் மூன்றும் தெரியாத படத்தை நம்ப வேண்டாம். ஆணையில் 'பள்ளிகளுக்கு' என்று மட்டும் இருந்தால் கல்லூரிக்கு விடுமுறை இல்லை. வீட்டில் கல்லூரி போகும் அண்ணனோ அக்காவோ இருந்தால் அதையும் கவனியுங்கள்.

நாளைய விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைக்க வேண்டி வரலாம். வைத்தால் ஒரு வாரம் முன்பே சொல்வோம்.

பள்ளி திறக்கும் நாளில் சீருடை காயவில்லையென்றால் வண்ண உடையில் அனுப்புங்கள். ஈர ஷூ வேண்டாம், செருப்பே போதும். புத்தகம் நனைந்திருந்தாலும் பிள்ளையை அனுப்பிவிடுங்கள். அதற்காக வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.