சேலைக் கண்காட்சியும் கையடக்க கார்டு மெஷினும்

கடைகளுக்கு கார்டு மெஷின் பொருத்திக் கொடுப்பதும், அது மக்கர் பண்ணினால் போய்ப் பார்ப்பதும் என் தொழில். இப்போதெல்லாம் பாதிப் பேருக்கு நான் மெஷினே கொடுப்பதில்லை. அவர்களுடைய ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியை ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன். வாடிக்கையாளர் கார்டை போனின் முதுகில் வைத்தால் பணம் வந்துவிடும். மாத வாடகை இல்லை, பேப்பர் ரோல் இல்லை, பில் குறுஞ்செய்தியாகப் போய்விடும்.

போன மாதம் ஒரு அக்காவுக்கு இப்படிப் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் வைத்து சேலை விற்பவர், அவ்வப்போது மண்டபக் கண்காட்சிகளில் ஸ்டால் போடுவார். ஜிபே இருக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "நாலாயிரம் ரூபா சேலைன்னா கிரெடிட் கார்டைத்தான் தம்பி நீட்டுறாங்க" என்றார். நியாயம்தான். டீக்கடைக்கு இது தேவையில்லை, க்யூஆர் அட்டையே போதும். ஆயிரக்கணக்கில் விலை போகும் பொருள் விற்பவருக்குத்தான் கார்டு வேண்டும்.

முதலில் போனைப் பாருங்கள். அதில் என்எஃப்சி, அதாவது பக்கத்தில் வைத்த கார்டைப் படிக்கும் வசதி, இருக்க வேண்டும், செட்டிங்ஸில் அது ஆன் ஆகியிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் பாதுகாப்புப் பூட்டை உடைத்து ரூட் செய்த போனில் செயலி திறக்கவே திறக்காது. டெவலப்பர் ஆப்ஷன்ஸை யாராவது ஆன் செய்து வைத்திருந்தாலும் பல செயலிகள் அடம்பிடிக்கும். அந்த அக்காவின் போனில் அதுதான் பிரச்சினை, பையன் ஏதோ நோண்டி வைத்திருந்தான். அப்புறம், கார்டைப் படிக்கும் ஆன்டெனா பெரும்பாலான போன்களில் பின்பக்கம் கேமராவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கார்டைக் கீழ்ப்பக்கம் வைத்துத் தேய்த்தால் ஒன்றும் நடக்காது. பின்னால் இரும்பு வளையம் ஒட்டிய கவர் இருந்தால் கழற்றிவிடுங்கள். பர்ஸோடு வைக்கச் சொல்லாதீர்கள், இரண்டு கார்டு ஒன்றாக இருந்தால் போன் குழம்பிவிடும்.

கார்டு நம்பர் போனில் தங்கிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வருகிறது. கார்டில் இருக்கும் சிப், ஒவ்வொரு முறை தட்டும்போதும் அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு ரகசிய எண்ணை உண்டாக்கித் தருகிறது. உங்கள் போன் அதைப் பூட்டிய உறையாக வாங்கி வங்கிக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். பழைய காந்தப் பட்டைக் கார்டில் இந்த வசதி கிடையாது. அதனால் யாராவது கார்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னாலோ, நம்பரைத் தாளில் எழுதச் சொன்னாலோ, அது இந்த முறையே அல்ல.

சரி, கண்காட்சிக்கு வருவோம். முதல் நாளே போன் வந்தது. "தம்பி, நாலு பேர் கார்டை வச்சாங்க, ரெண்டு பேருக்குத்தான் விழுந்துச்சு." போன் கோளாறு இல்லை. ரிசர்வ் வங்கி விதி 2020 அக்டோபர் 1 முதல் இப்படித்தான்: புதிதாகத் தரும் கார்டில் தட்டிப் பணம் செலுத்தும் வசதி அணைந்தே வரும். கார்டுக்காரர்தான் தன் வங்கிச் செயலியில் போய் அதை ஆன் செய்ய வேண்டும். வாடிக்கையாளருக்கே இது தெரியாது, உங்கள் போன்தான் பழுது என்று நினைத்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பார். "உங்க பேங்க் ஆப்ல கான்டாக்ட்லெஸ் ஆன்ல இருக்கான்னு பாருங்கம்மா" என்று சொன்னால் முக்கால்வாசி நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொரு எல்லை 5,000 ரூபாய். அதுவரை பின் நம்பர் இல்லாமல் தட்டலாம். 2021 ஜனவரிக்கு முன்பு 2,000 ஆக இருந்தது. 6,800 ரூபாய் சேலைக்கு பின் போட்டே ஆகவேண்டும். சில செயலிகள் பின்னைப் போன் திரையிலேயே கேட்கும். அப்போது போனை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு பக்கம் பாருங்கள், "சொல்லுங்க, நான் போடுறேன்" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் செயலியில் அது இல்லையென்றால் ப்ளூடூத்தில் இணையும் சின்ன ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், உள்ளங்கை அளவுதான் இருக்கும், சிப்பைச் செருகி அதிலேயே பின் அடிக்கலாம். அந்த அக்கா செய்தது வேறு: 4,000 ஒரு தட்டு, 2,800 ஒரு தட்டு. பணம் வந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். ஒரே கார்டில் நிமிட இடைவெளியில் இரண்டு தட்டு என்றால் வங்கியின் கண்காணிப்பில் அது உறுத்தும். விற்றவருக்கு வரவேண்டிய பணத்தை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

கையில் எவ்வளவு நிற்கும்? 4,200 ரூபாய் சேலையையே எடுத்துக்கொள்வோம். வாங்கியவர் ரூபே டெபிட் கார்டைத் தட்டினால் கட்டணமே இல்லை, முழுத்தொகையும் வரும். வேறு டெபிட் கார்டு என்றால், ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு வியாபாரியிடம் 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதன்படி 16.80 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3.02, ஆக 4,180.18 கணக்கில் விழும். கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது, உங்கள் ஒப்பந்தம்தான் விதி. 1.8 சதவீதம் என்று வைத்தால் 75.60, ஜிஎஸ்டி 13.61, கையில் 4,110.79. இந்த 89 ரூபாய் சேலையின் லாபத்திலிருந்து போகிறது, அதனால் கையெழுத்துப் போடுமுன் டெபிட், கிரெடிட் இரண்டின் சதவீதத்தையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "எல்லாத்துக்கும் ஒரே ரேட்டு சார்" என்று ஒரு விற்பனைப் பையன் சொன்னால், டெபிட்டுக்கும் கிரெடிட் விலையைத்தான் வாங்கப் போகிறார் என்று அர்த்தம். அதற்காக டெபிட் கார்டு கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டவும் முடியாது, அதை ரிசர்வ் வங்கி அனுமதிக்கவில்லை.

கண்காட்சியின் இரண்டாம் நாள்தான் நிஜமான தலைவலி. மண்டபத்துக்குள் சிக்னல் ஊசலாடியது. ஒரு அம்மா 4,200க்குத் தட்டினார், அவர் போனுக்கு பணம் எடுத்த எஸ்எம்எஸ் வந்துவிட்டது, அக்காவின் திரையில் Pending என்றே நின்றது. அக்கா இன்னொரு முறை தட்டச் சொன்னார், இப்போது Approved. 8,400 போய்விட்டது என்று அந்த அம்மா சத்தம் போட, பக்கத்து ஸ்டால் எல்லாம் கூடிவிட்டது.

நடந்தது இதுதான். கோரிக்கை வாடிக்கையாளரின் வங்கிவரை போய்ச் சேர்ந்து அங்கே பணம் கழிந்துவிட்டது. "சரி" என்ற பதில் திரும்பி வரும் வழியில்தான் இணைப்பு அறுந்தது. பதில் வந்து சேராத பணம் வியாபாரிக்கு வராது, ரிசர்வ் வங்கி 2019இல் வகுத்த விதிப்படி 5 நாளுக்குள் அது வாடிக்கையாளர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

ஆக வாடிக்கையாளரின் எஸ்எம்எஸ்ஸை வைத்துப் பொருளைக் கொடுக்காதீர்கள், திரையில் Approved வந்து அதில் RRN என்ற 12 இலக்கப் பரிவர்த்தனை அடையாள எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். Pending என்று நின்றால் உடனே மறுபடி தட்டவிடாமல், சிக்னல் உள்ள இடத்துக்கு நகர்ந்து செயலியில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து புதுப்பித்துப் பாருங்கள். தோல்வி என்று மாறிய பிறகுதான் அடுத்த தட்டு.

அந்த அம்மாவுக்கு அக்கா இரண்டு பரிவர்த்தனையையும் பட்டியலில் காட்டி, முதலாவதின் நேரத்தையும் தொகையையும் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை பணம் திரும்பிவிட்டது. அன்று மதியமே அந்த அம்மா மறுபடி ஸ்டாலுக்கு வந்து இன்னொரு சேலை எடுத்தாராம். ரொக்கமாகக் கொடுத்தாராம்.