3/8 என்று எழுதிய பிள்ளை எதை எண்ணியது?

ஐந்தாம் வகுப்புப் பின்னப் பயிற்சித்தாளில் எண்கோட்டுக் கேள்வி ஒன்று. 0, 1, 2 என்று குறித்த கோடு. 0-க்கும் 1-க்கும் நடுவே நான்கு சம இடைவெளி, 1-க்கும் 2-க்கும் நடுவே இன்னொரு நான்கு. 0-லிருந்து மூன்று இடைவெளி தள்ளி அம்புக்குறி. விடை 3/4. திருத்த உட்கார்ந்தால் தாளுக்குத் தாள் 3/8. நடுநடுவே 4/5.

வரிசையாகச் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடலாம். நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன். ஆனால் இந்த இரண்டு தப்பும் ஒரே தப்பு அல்ல.

3/8 எழுதிய பிள்ளைகளின் முந்தைய விடையைப் பாருங்கள். எட்டுக் கட்டம் உள்ள பட்டையில் மூன்றுக்கு நிழலிட்டிருந்தது. 3/8 என்று சரியாக எழுதியிருக்கிறார்கள். 'எல்லாக் கட்டத்தையும் எண்ணிக் கீழே போடு, நிழலிட்டதை எண்ணி மேலே போடு' என்பது அவர்கள் கற்றுக்கொண்ட விதி. பட்டையில் பட்டை முழுவதும்தான் ஒன்று, அதனால் விதி செல்லுபடியாகிறது. எண்கோட்டில் ஒன்று என்பது 0-லிருந்து 1 வரைதான். கோடு 2 வரை நீள்கிறது என்பதற்காக முழுமை பெரிதாகிவிடாது. பிள்ளை கோடு மொத்தத்தையும் ஒரு பட்டையாகப் பார்த்துவிட்டது. நாம் கீழே எழுதும் எண்ணுக்குப் 'பகுதி' என்று பெயர் வைத்து, படத்தில் உள்ள துண்டையும் 'பகுதி' என்றே சொல்கிறோம். குழம்பாமல் என்ன செய்யும்?

4/5 எழுதிய பிள்ளைக்கு 1 எங்கே என்பது தெரியும். அது இடைவெளியை விட்டுவிட்டுக் கோடுகளை எண்ணியிருக்கிறது. 0-லிருந்து 1 வரை ஐந்து கோடு, அம்புக்குறி வரை நான்கு. இந்தப் பிள்ளையை 0-வில் விரலை வைத்துத் தாவச் சொன்னால் போதும். முதல் தாவலில்தான் 'ஒன்று' சொல்ல வேண்டும், விரல் வைக்கும்போது அல்ல. முதல் குழுவை எத்தனை தடவை தாவச் சொன்னாலும் 3/8-தான் வரும், ஏனென்றால் தாவலை அவர்கள் சரியாகவே எண்ணுகிறார்கள். அவர்களிடம் "1 எங்கே இருக்கு, காட்டு. அதுவரைக்கும் எத்தனை துண்டு?" என்றுதான் கேட்க வேண்டும்.

தப்பான விடையாவது கண்ணில் படுகிறது. சரி போட்ட விடைக்குள் ஒளிந்திருப்பதுதான் தொல்லை. அதே தாளில் ஒரு வட்டம். குறுக்களவை மூன்றாகப் பிரித்து, செங்குத்தாக இரண்டு கோடு இழுத்து, நடுத்துண்டுக்கு நிழலிட்டிருந்தார்கள். விடைக்குறிப்பு 1/3 என்றது, பிள்ளைகளும் அதையே எழுதினார்கள். கணக்குப் போட்டால் நடுத்துண்டு வட்டத்தில் சுமார் 42 சதவீதம், ஓரத்துண்டுகள் தலைக்கு 29. படமே தப்பு. தோசையை இப்படி வெட்டி மூன்று பேருக்குக் கொடுத்தால் ஓரம் கிடைத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். "இதை மூன்றில் ஒன்றுன்னு சொல்ல முடியாது மிஸ்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அதற்குத்தான் முழு மதிப்பெண்.

இதற்கு நேர்மாறும் உண்டு. 8 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம் உள்ள செவ்வகத்தில் இரண்டு மூலைவிட்டமும் போட்டால் நான்கு முக்கோணம் கிடைக்கும். இரண்டு தட்டை, இரண்டு ஒல்லி. 'சமமில்லை' என்று எழுதும் பிள்ளை உண்டு, அதற்குச் சரி போடும் ஆசிரியரும் உண்டு. தட்டை முக்கோணத்துக்கு அடி 8, உயரம் 3. ஒல்லிக்கு அடி 6, உயரம் 4. இரண்டுக்கும் பரப்பு 12 சதுர செ.மீ. ஒவ்வொன்றும் கால்தான். உருவம் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை, பரப்பு சமமாக இருந்தால் போதும். நாலாம், ஐந்தாம் வகுப்பில் சூத்திரமெல்லாம் வேண்டாம். தட்டை முக்கோணத்தை அதன் உச்சியிலிருந்து நேராக வெட்டி, இரண்டு பாதியையும் திருப்பி ஒட்டினால் ஒல்லி முக்கோணம் வந்துவிடும். கத்தரிக்கோலும் பழைய நோட்டு அட்டையும் போதும்.

எண்ணுகிற பிள்ளையையும் அளவைப் பார்க்கிற பிள்ளையையும் பிரித்தறிய இப்போது இரண்டு கேள்வியைத் தாளில் சேர்க்கிறேன். ஒன்று, பாதியாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் மறுபடி பாதியாக்கிய சதுரம். சின்னத் துண்டு ஒன்றுக்கு நிழல். துண்டை எண்ணுபவர் 1/3 என்பார். இன்னொன்று, 0-லிருந்து 1 வரையிலான கோட்டில் 1/4, 2/4 இருக்கும் இடங்களில் மட்டும் குறி, முக்கால் குறி விடுபட்டிருக்கும். அம்புக்குறி 2/4-ல். எண்ணுபவர் 2/3 என்பார்.

போன முறை 3/8 எழுதிய பையன் இந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் இடைவெளியை ஸ்கேலில் அளந்தான். பிறகு பென்சிலால், காணாமல் போன குறியை அவனே போட்டுக்கொண்டு 2/4 என்று எழுதினான். "படத்துல ஒரு கோடு விட்டுப்போச்சு மிஸ், நான் போட்டுட்டேன்" என்றான்.