ஒரே பெயரில் இரண்டு படங்கள்: இரண்டு போன் போட்டோக்களைச் சேர்க்கும்போது காணாமல் போனவை

மேற்கு மாம்பலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போனில் இருக்கும் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. போன மாதம் நங்கநல்லூரிலிருந்து ஒரு பெண் லேப்டாப்பையும் தன் ஐபோனையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பாவுக்குச் சஷ்டியப்தபூர்த்தி நடந்திருக்கிறது. இவர் போனிலும் சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பியின் ஐபோனிலும் எடுத்த படங்களையெல்லாம் ஒரே போல்டரில் போட்டு வைத்திருந்தார்.

"சார், பாத பூஜை பண்ணும்போது பாட்டி பக்கத்துல நின்னு கண்ணைத் துடைச்சுக்கற மாதிரி ஒரு படம் எடுத்தேன். போன்ல இருக்கு, லேப்டாப்ல இல்ல. ஒண்ணுதான் விட்டுப்போச்சா, இன்னும் இருக்கான்னு தெரியல" என்றார்.

மறுநாள் அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறார். அதுவரை அதிலிருந்து எதையும் அழிக்கவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதலில் எண்ணிப் பார்த்தோம். அவர் போனில் 1,138 கோப்புகள். தம்பி ஊருக்குக் கிளம்பும் முன் தன் போனில் இருந்த 906 கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டும் சேர்ந்தால் 2,044 வர வேண்டும். லேப்டாப் போல்டரில் இருந்தது 1,731. விட்டுப்போனது ஒரு படம் இல்லை, 313.

காரணம் பெயர்தான். ஐபோன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் IMG_ என்று தொடங்கி நான்கு இலக்க எண் ஒன்றைக் கொடுக்கும். 9999 வரை போய்விட்டு மறுபடி 0001க்கு வரும். அந்தப் பெயரில் தேதியும் இல்லை, எந்தப் போன் என்ற அடையாளமும் இல்லை. அக்கா போனில் எண்கள் 3,800 வாக்கில் தொடங்கி 5,000 தாண்டி ஓடியிருந்தன. தம்பி போனில் 4,600 வாக்கில் தொடங்கியிருந்தன. நடுவில் இருந்த எண்கள் இரண்டு போனிலும் இருந்தன. அக்காவின் IMG_4711.HEIC பாட்டியின் படம். தம்பியின் IMG_4711.HEIC பந்தியில் இலை போடும் படம்.

தம்பியின் படங்களை அதே போல்டரில் போட்டபோது விண்டோஸ் கேட்டிருக்கிறது. அந்தப் பெட்டியில் முதலில் நிற்பது `Replace the files in the destination`. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வை என்று அதற்கு அர்த்தம். "ஏற்கெனவே இருக்கற படத்தையே திரும்பப் போடறதுன்னு நினைச்சேன்" என்றார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விண்டோஸ் பெயரைப் பார்த்துத்தான் கேட்கிறது, இரண்டு படமும் ஒன்றா வேறா என்று திறந்து பார்ப்பதில்லை. `Skip these files` கொடுத்திருந்தாலும் இழப்பு அதேதான். அக்கா படங்கள் தங்கி, தம்பியின் 313 உள்ளே வராமல் நின்றிருக்கும். இரண்டையும் வைத்துக்கொள் என்றால் இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் (2) என்று சேரும். எதுவும் போகாது. ஆனால் எது யார் எடுத்தது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது, நேர வரிசையும் வராது.

இப்படி மாற்றப்பட்ட கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. இன்றைய லேப்டாப்களில் எஸ்எஸ்டி இருப்பதால், ரெக்கவரி சாப்ட்வேர் போட்டும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர் மட்டும் ஒரு நாள் தாமதமாக வந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. மேக் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே பெயருள்ள இரண்டு போல்டர்களில் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டு Replace கொடுத்தால், மேக் உள்ளே இருப்பதைக் கலக்காது. பழைய போல்டரை முழுவதுமாக எடுத்துவிடும்.

சரி, எப்படிச் சேர்த்தோம் என்று சொல்கிறேன். கலந்த அந்தப் போல்டரைத் தொடவில்லை. D டிரைவில் PhoneA, PhoneB என்று இரண்டு போல்டர் போட்டு, அக்கா போனிலிருந்து ஒன்றுக்கும் தம்பியின் பென் டிரைவிலிருந்து மற்றொன்றுக்கும் புதிதாகக் காப்பி செய்தோம். கட் செய்யவே கூடாது. நடுவில் கேபிள் ஆடினால் எது எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். போனுக்குள் உள்போல்டர்கள் எப்படி இருந்தனவோ அப்படியே வைத்தோம். காப்பி முடிந்ததும் எண்ணினோம். 1,138, 906. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்தோம். கடைசியில் சரிபார்க்க அந்தத் தாள்தான் உதவும்.

அடுத்தது நேரம். கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே, எடுத்த தேதியும் நேரமும் எக்ஸிப் என்ற குறிப்பாகப் பதிந்திருக்கும். விண்டோஸ் காட்டும் Date created காப்பி செய்த நேரம், அதை நம்பி அடுக்க முடியாது. Date taken என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதுவும் போன் கடிகாரம் அப்போது காட்டிய நேரம்தான். அதனால் சேர்ப்பதற்கு முன் இரண்டு போனும் ஒரே சமயத்தில் எடுத்த காட்சி ஒன்றைத் தேடுவேன். இங்கே மாங்கல்ய தாரணம் கிடைத்தது. அப்பா முதல் முடிச்சைப் போடும் கணத்தை இருவருமே எடுத்திருந்தார்கள். அக்கா படத்தில் 10:42:18, தம்பி படத்தில் 13:12:20. ஆபிஸ் மீட்டிங்குகளுக்காகத் தம்பி போனில் நேரம் தானாக மாறும் வசதியை அணைத்து, சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டிருந்தார். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இதைக் கவனிக்காமல் சேர்த்திருந்தால், சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு தாலி கட்டுவது போல் வரிசை வந்திருக்கும்.

எக்ஸிப்டூல் என்ற இலவச மென்பொருளால் தம்பியின் படங்களை மட்டும் இரண்டரை மணி பின்னுக்குத் தள்ளினோம்:

```
exiftool -r -ext heic -ext jpg -AllDates-=2:30 D:/PhoneB
```

இதை ஒரே ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். இரண்டாவது முறை ஓட்டினால் இன்னும் இரண்டரை மணி குறைந்துவிடும். மாற்றும் முன் இருந்த படத்தை அது `_original` என்று பெயர் நீட்டி அதே போல்டரில் வைத்துவிடும், எல்லாம் முடியும் வரை அவை அங்கேயே இருக்கட்டும். இதனால்தான் எண்ணும் வேலையை முதலிலேயே முடித்துவிடச் சொல்கிறேன்.

இங்கே வீடியோக்களை நான் சேர்க்காததைக் கவனியுங்கள். போனில் எடுக்கும் வீடியோவின் CreateDate பொதுவாக உலகப் பொது நேரத்தில் பதிகிறது. தம்பி போன் எந்த ஊர் நேரத்தைக் காட்டினாலும் அந்தப் பொது நேரம் சரியாகத்தான் இருக்கும். அதைத் தள்ளினால் சரியாக இருந்ததைக் கெடுத்தது போலாகும். அப்படியே எடுத்துக்கொண்டாலும் தவறுதான். 10:42க்கு எடுத்த வீடியோ அதிகாலை 5:12 என்று போய் உட்காரும். நமக்கும் பொது நேரத்துக்கும் இடையே ஐந்தரை மணி வித்தியாசம். வீடியோக்கள் எல்லாம் விடியும் முன் ஒரே கூட்டமாக நின்றால் இதுதான் காரணம்.

அப்புறம் பெயர். படத்துக்கு நான் வைக்கும் பெயர் `20240211_104218_A_IMG_4698.HEIC` என்ற மாதிரியில் இருக்கும். முன்னால் தேதியும் நேரமும் இருப்பதால் பெயர் வரிசையே நேர வரிசை. A, B என்ற எழுத்து எந்தப் போன் என்று சொல்லும், ஒரே நொடியில் இருவரும் எடுத்தாலும் மோதாது. பழைய பெயரை நான் எப்போதும் கடைசியில் விட்டு வைப்பேன். ஐபோனின் லைவ் போட்டோ என்பது உண்மையில் HEIC, MOV என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புகள். இரண்டின் நேரமும் ஒரு நொடி முன்பின் இருந்தாலும், அந்தப் பழைய எண்ணை வைத்து இது இதன் ஜோடி என்று கண்டுபிடித்துவிடலாம்.

```
exiftool -r -ext heic -ext jpg -o D:/MidhamA/ -d "D:/Sertthathu/%Y%m%d_%H%M%S_A_%%f%%-c.%%e" "-FileName<DateTimeOriginal" D:/PhoneA
```

இதில் `-o` இருப்பதால் கோப்பு இடம் மாறாது, காப்பி மட்டும் ஆகும். PhoneA அப்படியே இருக்கும். `%%-c` இருப்பதால், அப்படியும் ஒரே பெயர் வந்துவிட்டால் பின்னால் ஒரு எண் சேர்ந்துகொள்ளும், பழையதன் மேல் எழுதாது. பயமாக இருந்தால் முதலில் `-o` பகுதியை எடுத்துவிட்டு, `FileName` இருக்கும் இடத்தில் `TestName` என்று போட்டு ஓட்டுங்கள். எந்தப் பெயர் என்னவாக மாறும் என்று திரையில் காட்டும், கோப்பைத் தொடாது. நான் இன்றும் முதலில் அப்படித்தான் பார்க்கிறேன். தம்பியின் படங்களுக்கு A வரும் இடங்களில் எல்லாம் B. வீடியோவுக்கு இரண்டு மாற்றங்கள்: `-ext mov -ext mp4 -api QuickTimeUTC` என்று கொடுத்து, DateTimeOriginal இடத்தில் CreateDate. நம் கம்ப்யூட்டர் இந்திய நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணியை அதுவே கூட்டிக்கொள்ளும். இந்தக் கட்டளைகளை நேராகத் தட்டச்சு செய்யுங்கள். பேட்ச் கோப்பில் எழுதி ஓட்டினால் ஒவ்வொரு % குறியையும் இரட்டிப்பாக்க வேண்டும்.

வாட்ஸப்பில் வந்து சேமித்த படங்களில் எடுத்த நேரம் பொதுவாக இருக்காது. ஆண்ட்ராய்டில் `IMG-20240211-WA0031.jpg` என்று பெயரில் தெரியும் தேதியும் போனுக்கு வந்த தேதிதான். இவற்றை ஊகித்து வரிசைக்குள் நுழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தனிப் போல்டரில் போட்டுவிடுவேன், ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அப்படித்தான்.

கடைசியில் தாளை எடுத்தோம். சேர்த்த போல்டரில் அக்காவின் படங்கள் 1,012, வீடியோ 97. தம்பியின் படங்கள் 861, வீடியோ 38. மொத்தம் 2,008. தனியாக ஒதுக்கியவை 36. கூட்டினால் 2,044.

எண் சரியாக வந்தும் நான் சில இடங்களைத் திறந்து பார்த்தேன். மாங்கல்ய தாரணத்தில் அக்காவின் படமும் தம்பியின் படமும் இரண்டு நொடி இடைவெளியில் அடுத்தடுத்து நின்றன. அதற்குப் பிந்தைய படங்களில் பாத பூஜை, அங்கே பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பெண் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு PhoneA, PhoneB, சேர்த்தது என்று மூன்று போல்டர்களையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டு, அங்கேயும் எண்ணினோம். அதற்கு அப்புறம்தான், போனை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கலாம் என்று அவரிடம் சொன்னேன்.