மொட்டை மாடியில் விழும் மழை: ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் கணக்கும் அறிவியலும் சேர்ந்த ஒரு செயல்திட்டப் பாடத்தைத் தொடங்குகிறோம். நான்கு வாரம் நடக்கும். நம் மொட்டை மாடியில் விழும் மழை எவ்வளவு, அது எங்கே போகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே அளந்து கண்டுபிடிக்க வேண்டும். சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அதனால்தான் பாடத்தை இந்தப் பருவத்தில் வைத்திருக்கிறோம்.

பரப்பளவு, அலகு மாற்றம், சராசரி ஆகிய மூன்றையும் பிள்ளைகள் புத்தகத்தில் போட்டுவிடுவார்கள். தாங்களே எடுத்த அளவை வைத்துப் போடும்போதுதான் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றத்தைக் கடந்து வரச் செய்வதுதான் பாடத்தின் முதல் நோக்கம். இரண்டாவது, தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. நம் கட்டடத்தில் அது இன்றும் வேலை செய்கிறதா என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

வீட்டில் முதல் வேலை மழைமானி செய்வது. பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து, கழுத்து குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டுவதை மட்டும் பெரியவர்கள் செய்து கொடுங்கள். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் தயார். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் சிறிது கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறிக்க வேண்டும். அங்கிருந்து மேலே ஸ்கேலை ஒட்டிவிடலாம்.

பெரும்பாலும் தவறு நேர்வது இங்கேதான். பெரிய பாட்டில் வைத்தால் மழை அதிகமாகக் காட்டும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அப்படி இல்லை. வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால் எந்தப் பாட்டிலிலும் நீரின் உயரம் ஒன்றுதான். ஆனால் பாட்டிலைவிட இரண்டு மடங்கு அகலமான புனலைத் தனியே வாங்கி வைத்தால், அளவு நான்கு மடங்காகக் காட்டும். பக்கெட்டும் வேண்டாம், அதன் பக்கங்கள் சாய்வாக இருக்கும். மானியைச் சுவரோரமோ மரத்தடியிலோ வைக்காமல் திறந்த இடத்தில் வையுங்கள். காற்றில் சாயாமல் இருக்கச் சுற்றிலும் செங்கல் வைத்தால் போதும்.

தினமும் காலை 8.30க்கு அளவைக் குறிக்க வேண்டும். வானிலை ஆய்வுத் துறையும் அந்த நேரத்தில்தான் 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. பள்ளி நாளில் கிளம்பும் முன் பார்க்கட்டும். தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி. குறித்தபின் சுழியக் கோட்டுக்கு மேலுள்ள நீரை ஊற்றிவிட வேண்டும். வெயிலில் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதுவரை நிரப்பிவிடுங்கள். மழை இல்லாத நாளில் சுழியம் என்றே எழுதட்டும். வெற்றிடமாக விட்டால் சராசரி தவறிவிடும்.

இரண்டாவது வேலை மாடியை டேப்பால் அளப்பது. உதாரணத்துக்கு 30 அடிக்கு 20 அடி மாடி என்றால் 600 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 24 மில்லிமீட்டர் பெய்த நாளில் 56ஐ 24ஆல் பெருக்கினால் 1,344 லிட்டர். தரை உறிஞ்சுவதும் சிதறுவதும் போக, ஐந்தில் நான்கு பங்கு குழாய்க்கு வரும் என்று வகுப்பில் எடுத்துக்கொள்வோம்: சுமார் 1,075 லிட்டர். வீட்டில் ஒரு நாள் செலவாகும் தண்ணீரைக் குடம், பக்கெட் கணக்கில் எழுதி வந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். நாளொன்றுக்கு 450 லிட்டர் செலவாகும் குடும்பத்துக்கு அந்த ஒரு மழை இரண்டு நாளைக்குமேல் வரும்.

மூன்றாவது, மாடியிலிருந்து இறங்கும் குழாயைப் பின்தொடர்வது. அது உறிஞ்சுகுழிக்குப் போகிறதா, கிணற்றுக்கா, சம்ப்புக்கா, நேராகத் தெருவுக்கா? குழி இருந்தால், மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து அதன்மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பார்க்கட்டும். தேங்கியிருந்தால் மேலுள்ள ஜல்லியும் மணலும் சேற்றால் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். குழாய் தெருவில் முடிந்தால் அதையும் உள்ளபடி எழுதலாம். அதற்காக மதிப்பெண் குறையாது; வீட்டு உரிமையாளரிடம் பிள்ளை விளக்கம் கேட்க வேண்டியதும் இல்லை. சம்ப்பு மூடியைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.

மாடிக்குப் போக அனுமதி இல்லாத குடியிருப்பில் இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் பள்ளி மாடியில் குழுவாக அளப்பார்கள்.

சார்ட், தெர்மாகோல் மாதிரி எதுவும் வாங்க வேண்டாம். மதிப்பெண் நோட்டுக்கு மட்டும்தான். அளவுகளைப் பிள்ளையே எழுத வேண்டும். அடித்துத் திருத்தியிருந்தாலும் அப்படியே இருக்கட்டும், நீங்கள் அழகாகப் பிரதி எடுத்துத் தராதீர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நோட்டு பள்ளிக்கு வர வேண்டும்.