கிரையாஸ்கோப்பி: உறைநிலைத் தாழ்வு முறை

பனிக்குளிரைக் குறிக்கும் ‘கிரையோஸ்’, நோக்குதலைக் குறிக்கும் ‘ஸ்கோப்பெயின்’ என்னும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது கிரையாஸ்கோப்பி. அதனைக் ‘குளிர்நோக்கியல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், வேதியியலில் அது செய்யும் வேலை மறைந்துவிடும். ஒரு கரைபொருள் சேர்ந்ததால் கரைப்பானின் உறைநிலை எவ்வளவு இறங்கியது என்று அளந்து, அக்கரைபொருளின் மோலார் நிறையைக் காண்பதே இம்முறையாதலால், ‘உறைநிலைத் தாழ்வு முறை’ என்பதே பொருந்தும்.

1880களில் பிரான்சின் ராவுல்ட் இதனை வளர்த்தார். ஜெர்மனியின் பெக்மன் நுண்ணிய வெப்பமானியையும் கருவியையும் தந்தார். கணக்கு எளியது:

M = (Kf × w × 1000) / (ΔT × W)

இங்கே M கரைபொருளின் மோலார் நிறை, Kf கரைப்பானுக்குரிய உறைநிலைத் தாழ்வு மாறிலி, ΔT உறைநிலை இறங்கிய அளவு; w கரைபொருளின் நிறை, W கரைப்பானின் நிறை, இவ்விரண்டும் கிராமில். 20 கிராம் பென்சீனில் 0.25 கிராம் நாப்தலீனைக் கரைத்தபோது உறைநிலை 0.50 பாகை இறங்கியது என்போம். பென்சீனின் மாறிலி 5.12 ஆதலால் விடை 128. அதுவே நாப்தலீனின் மோலார் நிறை.

ஆனால் அந்த 0.50 எங்கே படிக்கப்பட்டது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கரைசல் குளிர்கையில் உறைநிலையைத் தாண்டியும் நீர்மமாகவே இறங்கும். முதல் படிகம் தோன்றியதும் வெளிப்படும் உறைதல் வெப்பத்தால் வெப்பநிலை சட்டென ஏறும். நேரம் செல்லச்செல்ல வெப்பநிலை மாறுவதைக் காட்டும் குளிர்வு வரைகோட்டில் பள்ளமாகத் தெரியும் இந்நிகழ்வே ‘சூப்பர்கூலிங்’. மீமிசை, மீக்கூற்று என்பவற்றில் உள்ள ‘மீ’ மேற்செல்லுதலைக் குறிப்பதால், ‘மீக்குளிர்வு’ என்பது ‘அதிகுளிர்வு’ என்பதைவிட நல்ல பெயர் என்பது என் கருத்து. குளிர் மிகுதியன்று, எல்லை கடந்ததே இங்கு முதன்மை. பள்ளத்தின் அடியை உறைநிலை என்று கொண்டு தாழ்வை 0.80 எனக் குறித்தவருக்கு விடை 80 ஆகிவிடும்.

ஏறி நின்ற உச்சியும் முழுக்கச் சரியன்று. அதற்குள் பென்சீனில் ஒரு பகுதி உறைந்துவிடுவதால் எஞ்சிய கரைசல் செறிவடைந்திருக்கும். ஒரு பாகை மீக்குளிர்ந்தால் கரைப்பானில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு உறையும், 128 என்பது 126 ஆகும். தூய கரைப்பானின் கோடு உறையும்போது கிடையாக நிற்க, கரைசலின் கோடு மெல்லச் சரிந்துகொண்டே போவதும் இச்செறிவினால்தான். ஆகவே அச்சரிவுக் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, தொடக்கக் குளிர்வுக் கோட்டை அது வெட்டும் இடத்தையே உறைநிலையாகக் கொள்ள வேண்டும்.

மீக்குளிர்வைக் குறைக்க, குழாயைச் சுற்றிக் காற்றுறை வைத்து மெதுவாகக் குளிர்வித்து, இடைவிடாது கலக்கி, உறைநிலையை நெருங்கியதும் கரைப்பானின் சிறு படிகமொன்றை இடுவர். பாலில் உறை ஊற்றுவதற்கும் இதற்கும் காரணம் வேறானாலும், உறைதலைத் தொடங்கிவைக்க இடும் சிறிதளவுப் பொருளுக்கு ‘உறை’ என்ற பெயர் நம் அடுப்படியில் ஏற்கெனவே இருப்பதால், ‘வித்துப்படிகம்’ என்பதோடு ‘உறைப்படிகம்’ என்றும் இதனை வழங்கலாம்.