கேட்காத காப்பீடு, கொடுக்காத நன்கொடை

வேலூரில் நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். குடியாத்தத்தைச் சேர்ந்த ஒரு துணி வியாபாரி குடும்பத்தோடு டெல்லி போக, இணையத்தில் நான்கு விமான டிக்கெட் எடுத்தார். முதல் பக்கத்தில் ஒருவருக்கு 6,480 ரூபாய் என்று இருந்தது. நால்வருக்கும் சேர்த்து 25,920. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியோ 26,756 என்றது. விலை ஏறிவிட்டது போலும் என்று அவர் விட்டுவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகள்தான் ரசீதைத் திறந்து பார்த்தாள். பயணக் காப்பீடு தலைக்கு 199 வீதம் 796, கல்வி நன்கொடை தலைக்கு 10 வீதம் 40. இரண்டையும் யாரும் கேட்கவில்லை.

இந்த வேலை எங்கே நடக்கிறது என்றால், பயணிகளின் பெயரையும் வயதையும் நிரப்புகிற பக்கத்தில். நான்கு பேருடைய பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று சரிபார்ப்பதிலேயே கவனம் போய்விடும். அதற்குக் கீழே, ஏற்கெனவே டிக் போட்ட கட்டம் ஒன்று சிறிய எழுத்தில் இருக்கும். அங்கே காட்டுவது ஒருவருக்கான தொகையை மட்டும். 199 பெரிதாகத் தெரியாது; பயணிகள் எண்ணிக்கையால் அதைப் பெருக்குவது கடைசிப் பக்கத்தில்தான் நடக்கும். அந்த மொத்தத்தின் பிரிவுகளும் ஒரு சின்ன அம்புக்குறிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். சில தளங்களில் டிக்கை எடுத்துவிட்டு, இருக்கையை மாற்றுவதற்காக ஒரு பக்கம் பின்னால் போய் வந்தால், அது மீண்டும் விழுந்திருக்கும். எடுக்கும்போதே ‘பாதுகாப்பில்லாமல் பயணம் செய்கிறேன்’ என்று ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும் தளங்களும் உண்டு. டிக்கெட் வாங்க வந்தவரைக் குற்றவாளிபோல வாக்குமூலம் கொடுக்க வைப்பது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இல் விதி 4(9), வாங்குபவரின் சம்மதம் அவரே வெளிப்படையாகச் செய்யும் செயலால்தான் பதிவாக வேண்டும் என்கிறது; முன்கூட்டியே டிக் போட்ட கட்டங்கள் கூடாது என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டன. கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பது அவற்றில் ஒன்று. காப்பீடு வேண்டாம் என்பவரைக் கூச வைக்கும் வாசகம் இன்னொன்று. அதற்கு விமான டிக்கெட் தளத்தையே உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள்.

வியாபாரி அதே தளம் வசூலித்த சேவைக் கட்டணத்தையும் திரும்பக் கேட்க விரும்பினார். வேண்டாம் என்றேன். வாங்கும் நேரத்தில் வெளிப்படையாகச் சொல்லி வாங்கும் அவசியக் கட்டணம் கூடையில் நுழைத்ததாகாது என்று அதே வழிகாட்டுதல் விலக்கு அளிக்கிறது. அவருடைய ரசீதில் அந்தக் கட்டணம் முதல் பக்கத்து 6,480-லேயே அடங்கியிருந்தது. அதையும் சேர்த்து எழுதினால் எதிர்த்தரப்பு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் மழுப்பிவிடும்.

உண்மையான சிக்கல் சான்றுதான். பணம் கட்டிய பிறகு ரசீது ‘காப்பீடு தேர்வு செய்யப்பட்டது’ என்று மட்டுமே சொல்லும். டிக் போட்டது யார் என்று அதில் இருக்காது. அதனால் மகளை அதே தளத்தில் அதே வழித்தடத்துக்குப் புதிதாகத் தேடச் சொல்லி, கட்டணப் பக்கம்வரை போவதைக் கைப்பேசித் திரையிலேயே காணொளியாகப் பதிவு செய்ய வைத்தோம். எந்தக் கட்டத்தையும் தொடாமலே மொத்தம் ஏறுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. இதை அன்றே செய்வது நல்லது. தளம் பக்கத்தை மாற்றிவிட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு, விதி எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். காப்பீட்டுத் தொகை வந்துவிட்டது. நன்கொடையை அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். காணொளியை அனுப்பிய பிறகு அந்த 40 ரூபாயும் வந்தது. வராமல் போயிருந்தால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட்டிருக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் 836 ரூபாய்க்காகக் கடையைப் பூட்டிவிட்டு வாய்தாவுக்கு அலைய எல்லோராலும் முடியாது. அந்தத் தளங்களுக்கும் அது தெரியும்.

காப்பீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐஆர்சிடிசி-யில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது தலைக்கு 45 பைசாவுக்கு ஒரு காப்பீடு உண்டு; ரயில் விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதை நானே எடுக்கிறேன். காட்பாடி கவுன்டரில் வாங்கும் டிக்கெட்டுக்கு இது கிடையாது. எடுத்தவர்களும், அதன்பின் வரும் இணைப்பில் வாரிசுதாரர் பெயரை நிரப்ப மறந்துவிடுகிறார்கள்.

தெரியாமல் வாங்கிய பாலிசிக்கு இன்னொரு கேடும் உண்டு. பெட்டி தொலைந்தாலும், பயணம் ரத்தானாலும், தம்மிடம் காப்பீடு இருப்பதே பலருக்குத் தெரியாது. எனவே பழைய டிக்கெட் மின்னஞ்சல்களோடு காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து தனியாக ஒரு கடிதம் வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பயணம் இன்னும் தொடங்கவில்லை என்றால் ரத்து செய்யக் கேளுங்கள். திரும்பி வந்துவிட்டீர்கள், பெட்டியும் தொலைந்திருக்கிறது என்றால், கோரிக்கை அனுப்பக் கெடு முடிந்துவிட்டதா என்று அந்தப் பாலிசியிலேயே பாருங்கள்.