நிழல் ஏன் பெரிதாகிறது? டார்ச்சும் நூலும் வைத்து ஒரு பாடம்

டார்ச் அடித்துச் சுவரில் முயல் காட்டினால் பிள்ளைகள் குதூகலிப்பார்கள். ஆனால் பாடம் அதோடு நின்றுவிட்டால் பலருக்கு, நிழல் என்பது பொருளிலிருந்து கிளம்பிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஒன்று என்ற எண்ணம் மாறாமலே இருக்கும். முயலின் நிழலை வரையச் சொல்லுங்கள். சிலர் அதில் கண்ணும் மீசையும் வரைவார்கள். இந்த எண்ணத்தை மாற்ற, நிழலின் அளவு ஏன் கூடிக் குறைகிறது என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டாலே 40 நிமிட வகுப்புக்குப் போதும். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு இது சரியாக இருக்கும்.

நான்கு பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டார்ச், 6 செ.மீ. உயரத்தில் வெட்டிய ஓர் அட்டை உருவம், அளவுகோல், செல்லோடேப், ஒன்றரை மீட்டர் நூல் வேண்டும். உருவத்தைத் தடித்த அட்டையில்தான் வெட்ட வேண்டும். நோட்டுத் தாளில் வெட்டினால் ஒளி ஊடுருவி நிழல் வெளுத்துப்போகும். உருவத்தின் பின்னால் ஒரு குச்சியை ஒட்டி, களிமண் உருண்டையில் செருகி நிறுத்துங்கள். கையில் பிடித்தால் ஆடும். சாய்ந்தால் நிழலின் அளவும் மாறிவிடும்.

டார்ச் தேர்வில்தான் பெரும்பாலான வகுப்புகள் சறுக்குகின்றன. பல எல்.இ.டி. உள்ள டார்ச்சில் ஒவ்வொரு விளக்கும் தனி நிழல் தருவதால் விளிம்புகள் அடுக்கடுக்காகத் தெரியும். அகன்ற பிரதிபலிப்பான் உள்ள டார்ச் ஒளியைக் கிட்டத்தட்ட இணையாக அனுப்புவதால், உருவத்தை எவ்வளவு நகர்த்தினாலும் நிழல் எதிர்பார்த்த அளவு வளராது. ஒரே ஒரு சிறிய எல்.இ.டி. உள்ள கைபேசி விளக்கு இந்தப் பாடத்துக்கு நன்றாகப் பொருந்தும். எதுவானாலும் ஒளியை நேராக யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விளக்கைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, சுவரிலிருந்து 100 செ.மீ. தூரத்தில் நகராதபடி ஒட்டுங்கள். விளக்கும் உருவத்தின் நடுப்பகுதியும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். சன்னல்களைச் சாத்தினால் போதும், கும்மிருட்டு தேவையில்லை.

உருவத்தை நகர்த்தும் முன் கேளுங்கள்: “சுவர்ப் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெரிசாகுமா, சின்னதாகுமா?” விடையை ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிய பிறகே தொடங்க வேண்டும். எழுதாவிட்டால், முடிவைப் பார்த்ததும் “நான் அப்பவே நெனச்சேன்” என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

விளக்கிலிருந்து 25 செ.மீ.யில் உருவத்தை வைத்தால் நிழல் 24 செ.மீ. உயரம் வரும். 50 செ.மீ.யில் 12, 75 செ.மீ.யில் 8. ஓரிரு செ.மீ. பிசகலாம். பிசகு விளக்குக்கு அருகில் மட்டும் அதிகமாக இருந்தால், தூரத்தை எங்கிருந்து அளந்தார்கள் என்று பாருங்கள். பல்பிலிருந்து அளக்காமல் டார்ச்சின் கண்ணாடியிலிருந்து அளந்திருப்பார்கள். பல்பு 3 செ.மீ. உள்ளே இருந்தால் 24 வர வேண்டிய இடத்தில் 22தான் வரும்; 75 செ.மீ.யில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

இப்போது நூலை எடுங்கள். ஒரு முனையை விளக்கின் ஓரத்தில், பல்பின் உயரத்திலேயே ஒட்டி, உருவத்தின் தலையை உரசியபடி சுவர் வரை விறைப்பாக இழுக்கச் சொல்லுங்கள். நூல் போய்த் தொடும் இடம் நிழலின் உச்சிதான். உருவத்தை 75-லிருந்து 25-க்கு நகர்த்தி மறுபடி இழுத்தால் நூல் முன்பைவிடச் சரிவாக மேலே ஏறும், நிழலின் உச்சியும் மேலே போயிருக்கும். ஒளி நேர்கோட்டில் போகிறது, அதனால் விளக்குக்கு அருகில் இருக்கும் உருவம் அதிக ஒளியை மறிக்கிறது என்பதை இங்கே ஆசிரியர் சொல்லவே வேண்டாம். நூலைப் பிடித்திருக்கும் பிள்ளையே சொல்லிவிடும். அவசரப்பட்டு விளக்கம் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து, உருவத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வெள்ளைத் தாளை நீட்டச் சொல்லுங்கள். தாளிலும் நிழல் விழும். தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால் சிறுத்தும் பெருத்தும் தொடர்ந்து வரும். உருவத்துக்குப் பின்னால் சுவர் வரைக்கும் ஒளி வராத ஓர் இடம் இருக்கிறது, சுவரில் தெரிவது அதன் கடைசிப் பகுதி மட்டுமே என்பது இங்கேதான் புரியும். நிழலில் கண் வரைந்த பிள்ளைக்கும் இதுவே பதில்: அங்கே ஒளி வரவில்லை, அவ்வளவுதான். நிழலில் கண் தெரிய வேண்டுமானால் அட்டையில் கண்ணைத் துளையிட வேண்டும். துளையிட்டே காட்டுங்கள்.

புரிந்ததா என்று பார்க்க ஒரு வேலை போதும். “நிழல் சரியாக 30 செ.மீ. இருக்க வேண்டும், உருவத்தை எங்கே வைப்பீர்கள்?” என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். நூலை வைத்தோ கணக்குப் போட்டோ 20 செ.மீ.யை ஒட்டி வைத்தால் பிடித்துவிட்டார்கள் என்று பொருள். 25-ஐத் தாண்டிச் சுவர்ப் பக்கம் நகர்த்தும் குழுவுக்கு நூலை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கக் கொடுங்கள்.